11 மாதம் கட்டினால் 12-வது தவணை கடையோடது... நகைச் சீட்டு முடியும்போது உண்மையில் கைக்கு வருவது எவ்வளவு?

கொல்லிமலையில் மிளகு பறித்துக் காய வைத்து விற்ற காசு கைக்கு வந்ததும் பல வீடுகளில் அடுத்த பேச்சு நகைதான். மலையில் பெரிய நகைக்கடை கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி காரவள்ளிக்கு இறங்கி, நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். அங்கே கடை வாசலில் காத்திருக்கும் வாசகம் ஒன்றுதான்: "11 மாசம் நீங்க கட்டுங்க, 12-வது மாசம் நாங்க கட்டுறோம்."

மாசம் 5,000 ரூபாய் சீட்டு என்றால் 55,000 கட்டி 60,000-க்கு நகை. கேட்டவுடன் லாபம் 5,000 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். ஆனால் அந்த 5,000 நகையாகக் கைக்கு வருவதற்குள் மூன்று இடங்களில் கரைய வாய்ப்பு உண்டு. எங்கே, எப்படி, எவ்வளவு என்று பார்ப்போம்.

முதலில், கடை கொடுப்பது எவ்வளவு?

55,000 ரூபாய்க்கு 5,000 என்றால், நூறு ரூபாய்க்கு 9 ரூபாய். சரியாகச் சொன்னால் 9 ரூபாய் 9 காசு. இந்த 9 என்ற எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதுதான் அளவுகோல்.

வட்டியாகப் பார்த்தால் இது 9 சதவீதத்தை விட அதிகம். காரணம், 55,000 முழுவதும் 11 மாதம் கடையில் இருக்கவில்லை. முதல் தவணை 11 மாதம் இருக்கிறது, இரண்டாவது 10 மாதம், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். எல்லாவற்றையும் கூட்டினால் 66 வரும். அதாவது 5,000 ரூபாயை 66 மாதத்துக்குக் கடன் கொடுத்ததற்குச் சமம். அதற்கு 5,000 வட்டி என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். ஊர்ப் பேச்சில் ஒன்றரை வட்டி, ஆண்டுக் கணக்கில் சுமார் 18 சதவீதம்.

இதே பணத்தை மாதாமாதம் வங்கியில் போட்டு, ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 11 மாதத்தில் சுமார் 1,790 ரூபாய் வரும். ஆக, வங்கியை விடக் கடை கூடுதலாகத் தருவது ஏறக்குறைய 3,200 ரூபாய். நல்ல தொகைதான், சந்தேகமே இல்லை. ஆனால் வங்கி தருவது காசு. எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். சீட்டில் வருவது அந்த ஒரு கடையில் மட்டும் செல்லுபடியாகும் பில் தொகை. வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. சீட்டு தருவது ஒன்றரை வட்டி என்றால், தவணை கட்ட இரண்டு வட்டிக்கோ மூணு வட்டிக்கோ கைமாற்று வாங்குவது நஷ்டம். முதல் தவணை 5,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கி, சீட்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் வட்டி மட்டும் 1,650 ரூபாய். போனஸில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே தவணையில் போய்விடும்.

எல்லாக் கடையும் முழுத் தவணையைத் தருவதும் இல்லை. உதாரணத்துக்கு, தனிஷ்க்கின் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' திட்டத்தில் வாடிக்கையாளர் கட்டுவது 10 தவணை. கிடைப்பது முதல் தவணையில் 75 சதவீதம் வரையான தள்ளுபடி. 5,000 ரூபாய் தவணைக்கு 3,750. நூற்றுக்கு ஏழரை ரூபாய் என்று கணக்கு வரும். "ஒரு மாசம் ஃப்ரீ" என்று கேள்விப்பட்டுச் சேருகிறவர்கள், முழுத் தவணையா, அதில் ஒரு பங்கா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. மாதாமாதம் வெவ்வேறு தொகை கட்ட விடும் சீட்டுகளில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: போனஸ் எந்த மாதத் தொகையை வைத்து? முதல் தவணையா, சராசரியா, இருப்பதிலேயே குறைந்ததா? மிளகு சீசனில் 8,000, ஆடியில் 1,000 என்று கட்டியவருக்கு இந்த ஒரு வார்த்தையில் ஆயிரக்கணக்கில் மாறும்.

சேதாரத்தில் எப்படிக் கரைகிறது?

கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு முடிந்து 60,000 ரூபாய் வரவோடு கடைக்குள் போகிறீர்கள். தங்க விலைக்கு மேல் சேதாரம், செய்கூலி சேர்த்து 12 சதவீதம். அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஒரு கிராம் நகையின் உண்மையான விலை 11,536 ரூபாய் ஆகிவிடும். 60,000-க்கு வருவது 5.2 கிராம்.

போனஸே இல்லாமல், கையில் இருக்கும் 55,000 ரூபாயோடு அதே நகையை வாங்கப் போயிருந்தால்? 4.77 கிராம். ஆக, கடை கட்டிய அந்த ஒரு தவணையின் எடை சுமார் 430 மில்லி கிராம். போனஸை ரூபாயில் நினைக்காமல் எடையில் நினைத்தால்தான் அடுத்த கணக்கு புரியும்.

அதே 60,000 ரூபாயோடு போகிறீர்கள். ஆனால் சேல்ஸ்மேன் காட்டும் டிசைனுக்குச் சேதாரம் 22 சதவீதம். இப்போது கிராம் 12,566 ரூபாய். உங்களுக்கு வருவது 4.77 கிராம். சீட்டே போடாதவர் 55,000 ரூபாயோடு வேறு கடையில் 12 சதவீத சேதாரத்துக்கு வாங்கினாலும் இதே எடைதான்! கடை கட்டிய தவணை பில்லில் தெளிவாக அச்சாகி இருக்கும். கழுத்தில் மட்டும் இருக்காது.

இதில் ஏமாற்று என்று சொல்ல முடியாது. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரம் கூடுவது நகைத் தொழிலில் இயல்பு. சாதாரண வளையலுக்கும் நெருக்கமான வேலைப்பாடு கொண்ட ஆரத்துக்கும் ஒரே சேதாரம் இருக்காது. சிக்கல் எங்கே என்றால், சீட்டுப் பணம் ஏற்கெனவே கடையில் இருக்கிறது. காசோடு வந்தவர் சேதாரம் அதிகம் என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். சீட்டுக்காரர் போக முடியாது. காலையில் செம்மேட்டில் பஸ் ஏறி இறங்கி வந்தவர், சாயங்காலத்துக்குள் நகையோடு மலை ஏற வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர், பேரம் பேசும் தெம்போடு இருப்பதும் கஷ்டம்.

அதனால் கேட்க வேண்டியதைச் சீட்டில் சேரும் நாளிலேயே கேட்க வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் வகை நகைக்கு (செயினோ, தோடோ, வளையலோ) இன்று காசு கொடுத்து வாங்கினால் சேதாரம் எவ்வளவு சதவீதம்? சீட்டில் வாங்கினாலும் அதே சதவீதம்தானா? இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தொட்டால் போனஸ் இல்லை என்றே அர்த்தம். பதிலை அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. எழுதித் தர மறுக்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

"போனஸ் கிடையாது, ஆனா சேதாரம் கிடையாது" என்று சொல்லும் சீட்டுகளுக்கும் அதே 9-தான் அளவுகோல். 55,000 ரூபாய்க்கு, சேதாரமே இல்லாமல் ஜிஎஸ்டி மட்டும் கட்டி வாங்கினால் 5.34 கிராம் வரும். 12 சதவீத சேதாரத்தில் போனஸ் சீட்டு கொடுத்தது 5.2 கிராம்தான். ஆக, நீங்கள் வாங்கப்போகும் நகைக்கு வழக்கமான சேதாரம் 9 சதவீதத்துக்கு மேல் என்றால் சேதாரம் இல்லாத சீட்டு லாபம். அதற்குக் கீழே என்றால் போனஸ் சீட்டு லாபம். ஆனால் இந்த வகைச் சீட்டுகளில் ஒரு வரம்பு இருக்கும். குறிப்பிட்ட சதவீதம் வரைதான் தள்ளுபடி, அதற்கு மேல் உள்ள சேதாரத்தை வாடிக்கையாளர் கட்ட வேண்டும். அந்த வரம்பு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் வைத்த நகை என்றால் கூடுதல் கவனம். மொத்த எடை வேறு, கல்லைக் கழித்த தங்கத்தின் எடை வேறு. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், சேதாரம் தங்கத்தின் எடைக்கு மட்டும் போடப்பட்டிருக்க வேண்டும்.

தங்கம் விலை ஏறினால் போனஸ் என்ன ஆகும்?

இதுதான் பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுவது. சீட்டு இரண்டு வகை. ஒன்று, கட்டும் பணம் ரூபாயாகவே வரவு வைக்கப்படும். கடைசி நாளில் என்ன விலையோ அந்த விலைக்கு நகை. இன்னொன்று, ஒவ்வொரு மாதமும் பணம் கட்டும் அன்றைய விலைக்கு இத்தனை கிராம் என்று எடையாக வரவு வைக்கப்படும்.

முதல் தவணை கட்டும்போது கிராம் 10,000. அதன்பின் மாதம் 200 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 11-வது தவணையின்போது 12,000, நகை எடுக்கும் நாளில் 12,200. ரூபாய் வரவுச் சீட்டில் போனஸோடு சேர்த்து 60,000 ரூபாய்க்கு 4.92 கிராம். சேதாரம், வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது இரண்டுக்கும் பொது. எடை வரவுச் சீட்டில், போனஸே இல்லாமல், 11 மாதத்தில் சேர்ந்திருப்பது 5.02 கிராம்.

போனஸ் வாங்கியவரை விட, போனஸ் வாங்காதவர் கையில் 100 மில்லி கிராம் அதிகம்! விலை ஏறாமல் அப்படியே இருந்திருந்தால் கதை தலைகீழ்: ரூபாய் வரவில் 6 கிராம், எடை வரவில் ஐந்தரை கிராம். எல்லை எங்கே என்றால், மறுபடியும் அதே 9. நகை எடுக்கும் நாளின் விலை, 11 தவணையிலும் நீங்கள் கட்டிய சராசரி விலையை விட 9 சதவீதத்துக்கு மேல் போனால் ரூபாய் வரவுச் சீட்டின் போனஸ் அடிபடும்.

9 சதவீதமெல்லாம் ஏறுமா என்று யாரும் இப்போது கேட்க மாட்டார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் ஒரு பவுன் சுமார் 57,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபர் நடுவில் 95,000-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ரூபாய் வரவுச் சீட்டு கட்டியவர்களுக்குக் கடை சேர்த்த ஒரு தவணை, விலையேற்றத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விலை இறங்கும் காலமும் வரும், அப்போது ரூபாய் வரவுதான் கை கொடுக்கும். எது நடக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் எந்த வகைச் சீட்டில் இருக்கிறோம் என்பது கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்புக்கில் மாதாமாதம் ரூபாய் மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் அன்றைய விலையும் கிராமும் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு மாசம் விட்டுப்போனால்?

மலை விவசாயக் குடும்பங்களுக்கு அதிகம் அடிபடும் இடம் இது. மாதச் சம்பளக்காரருக்காக வடிவமைக்கப்பட்டது நகைச் சீட்டு. கொல்லிமலையில் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. காபியும் மிளகும் பறிக்கும் மாதங்களில் பணம் புழங்கும். மற்ற மாதங்களில் வாழையும் அன்னாசியும் கூலி வேலையும்தான்.

ஒரு குடும்பம் ஜனவரியில் 5,000 ரூபாய் சீட்டில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தவறாமல் கட்டியாயிற்று. மே, ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடச் செலவு, விதைச் செலவு என்று முடியவில்லை. ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்து டிசம்பர் வரை கட்டினால் மொத்தம் 9 தவணை, 45,000 ரூபாய். இன்னும் இரண்டு தவணையை அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் கட்டி முடித்து போனஸ் வாங்கலாமே என்று தோன்றும். பெரும்பாலும் கடை ஒத்துக்கொள்ளாது.

அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 2014-ல் அமலுக்கு வந்த கம்பெனிகள் டெபாசிட் விதிகளின்படி, பொருள் தருவதாகச் சொல்லி வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்க வேறு கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. இந்த விதி வந்த பிறகுதான் பெரிய கடைகள் பழைய நீண்ட சீட்டுகளை நிறுத்திவிட்டு, 10 அல்லது 11 மாதத்துக்குச் சுருக்கின. கம்பெனியாகப் பதிவான கடையில் முதல் தவணை கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நகை எடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஆக, நம் உதாரணக் குடும்பத்துக்கு டிசம்பரில் 45,000 ரூபாய்க்கு நகை கிடைக்கும், போனஸ் இல்லாமல். இதே குடும்பம் மாதம் 3,000 ரூபாய் சீட்டில் சேர்ந்து எல்லா மாதமும் கட்டியிருந்தால், 33,000 கட்டி 36,000-க்கு நகை வாங்கியிருக்கும். தவணைத் தொகையை மிளகு விற்ற மாதத்துக் கையிருப்பை வைத்து முடிவு செய்யாமல், ஆடி மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து முடிவு செய்தால் போனஸ் தப்பிக்கும்.

மிளகுப் பணம் வந்த கையோடு நாலைந்து தவணையைச் சேர்த்துக் கட்டலாமா? சில கடைகள் வாங்கிக்கொள்ளும், சில கடைகளின் ஆப் ஒரு மாதத்துக்கு ஒரு தவணைக்கு மேல் ஏற்காது. வாங்கிக்கொண்டாலும் போனஸ் கூடாது. 11 தவணையையும் முதல் மாதமே மொத்தமாகக் கட்டினால் ஒன்றரை வட்டி என்பது நூற்றுக்கு மாதம் 83 காசாகக் குறைந்துவிடும். ஆனாலும் தவணை விட்டுப்போய் மொத்த போனஸையும் இழப்பதை விட இது மேல். எடை வரவுச் சீட்டாக இருந்தால் மொத்தமும் ஒரே நாள் விலையில் மாட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் ரூபாயாகத் திரும்புமா, நகையாக மட்டும்தானா என்பது கடைக்குக் கடை மாறும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

கடையே மூடிவிட்டால்?

வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அது கிடையாது. இது பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. சென்னையில் 2017-ல் நாதெள்ளா சம்பத் ஜுவல்லரி கடைகள் மூடப்பட்டபோது சீட்டு கட்டியவர்கள் பணத்துக்காக போலீஸிடம் போக வேண்டியிருந்தது. 2023-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் மூடப்பட்டு, பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அமலாக்கத் துறையும் சோதனை நடத்தியது. தங்கச் சேமிப்புத் திட்டம் என்ற பெயரில் அதிக லாபம் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு.

இங்கேயும் முதலில் போட்ட கணக்கு உதவும். ஒரு தவணை போனஸ் என்பது ஒன்றரை வட்டி. நகை விற்பனையில் வரும் சேதார லாபத்திலிருந்து ஒரு கடை இதைக் கொடுக்க முடியும், வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருப்பதற்கான விலை அது. அதே கடை "பணத்தை மொத்தமா போடுங்க, மாசம் இரண்டு வட்டி, மூணு வட்டி காசா தர்றோம்" என்று இன்னொரு திட்டத்தையும் சேர்த்து நீட்டினால், அது நகைச் சீட்டே இல்லை. விலகிவிடுவது நல்லது.

கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் கடையின் பெயர், சீட்டு எண், தேதி அச்சிட்ட ரசீது வேண்டும். மலை மேல் வந்து தவணை வசூலிக்கும் ஏஜென்ட்டிடம் கொடுத்தால் அன்றைக்கே கடையின் கணக்கில் ஏறியதா என்று எஸ்எம்எஸ்ஸிலோ ஆப்பிலோ பாருங்கள். ஜிபே செய்தால் பணம் கடையின் பெயரில் போகிறதா, தனி ஆளின் பெயரில் போகிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் பின் நம்பரை அழுத்துங்கள்.

சொன்ன போனஸைத் தரவில்லை, சேதாரத்தை மாற்றிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். நாமக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். கடை பூட்டிக் கிடக்கிறது, பணமே திரும்பவில்லை என்றால் அது பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கான விஷயம். 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொத்துகளை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் ஆகலாம். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது சீட்டு அட்டையும் ரசீதுகளும்தான். நகை எடுத்ததும் கடையில் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.